360 பம்புக்கு 431 டெஸ்ட்

2022 மார்ச்சில் ஒரு திங்கள்கிழமை காலை, வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து மூன்று வாட்டர் பம்ப் திரும்பி வந்தது. கார் இன்ஜினில் கூலன்ட்டைச் சுற்றவிடும் சின்ன பம்ப் அது. மூன்றிலும் ஒரே குறை, சீல் ஓரத்தில் கசிவு. எங்கள் லைனில் கடைசி ஸ்டேஷனே லீக் டெஸ்ட்தான். பம்பை ஃபிக்சரில் வைத்து வாயை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று மெஷின் பார்க்கும். பச்சை எரிந்தால் பெட்டிக்கு, சிவப்பு எரிந்தால் சிவப்புக் கூடைக்கு. அதைத் தாண்டி ஒரு கசிவு பம்ப் வெளியே போகவே முடியாது என்று மூன்று வருடமாக எல்லா ஆடிட்டிலும் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வந்தவன்.

அப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருந்து, ஆள் நிர்வாகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெச்.ஆர். மேலாளர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகியும் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது, அதனால் அந்தத் தலைவலியும் என் தலைக்கே வந்தது. மொத்தம் 64 பெர்மனென்ட், 140 பேர் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் ஆட்களை எங்கள் பக்கம் எல்லாரும் ‘சி.எல்.’ என்றுதான் சொல்வோம். “ரெண்டு சி.எல். அனுப்பு”, “அந்த சி.எல். பையன் எங்க?” இப்படி. பாதிப் பேர் செய்யாறு, வந்தவாசி, திருவண்ணாமலைப் பக்கம், மீதிப் பேர் ஒடிசா, பீகார்.

லீக் டெஸ்ட் மெஷினில் இரண்டு எண்கள் ஓடும். ஒன்று எத்தனை முறை டெஸ்ட் நடந்தது, இன்னொன்று எத்தனை பம்ப் பாஸ் ஆனது. பாஸ் எண்ணை மட்டும்தான் நாங்கள் தினமும் ரிப்போர்ட்டில் எழுதுவோம், டெஸ்ட் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பகல் ஷிஃப்டில் 360 பம்ப், 371 டெஸ்ட். சரி, ஃபிக்சர் ரப்பரில் தூசி இருந்தால் துடைத்துவிட்டு ஒருமுறை திரும்பப் போடலாம் என்று அனுமதியே உண்டு. இரவு ஷிஃப்டில் 360 பம்ப், 431 டெஸ்ட். 71 டெஸ்ட் கூடுதல், யாரோ திரும்பத் திரும்ப போட்டிருக்கிறார்கள்.

இரவு ஷிஃப்டில் தூக்கக் கலக்கம், மேற்பார்வை குறைவு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு வாரத்துக் கணக்கை எடுத்து, டெஸ்ட் ஸ்டேஷனில் அன்றைக்கு நின்றது யார் என்று பக்கத்தில் எழுதிப் பார்த்தால் வேறு கதை தெரிந்தது. பகலிலும் அந்த ஸ்டேஷனில் சி.எல். நின்ற நாளில் கூடுதல் டெஸ்ட் ஐம்பது, அறுபது. பெர்மனென்ட் நின்றால் பத்து, பன்னிரண்டு. இரவோ பகலோ காரணமில்லை. யார் நிற்கிறார்கள் என்பதுதான்.

உடனே வந்த பேச்சை நீங்களே ஊகிக்கலாம். “சி.எல். பசங்க அப்படித்தான் சார், பொறுப்பு கிடையாது.” ஆனால் பொறுப்பில்லாதவன் எதற்கு ஒரே பம்பை நாலு தடவை கழற்றி மாட்ட வேண்டும்? சிவப்புக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பதுதானே அவனுக்குச் சுலபம். அவன் வேலையைக் கூட்டிக்கொண்டு எதையோ தவிர்க்கிறான். அது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டால் சொல்லவும் மாட்டார்கள், அது வேறு விஷயம். செய்யாறு பையன் ஒருவன், மூன்று வருடமாக அந்த ஸ்டேஷனில் நிற்பவன், டீ நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு “தெரியல சார், மெஷின் ஒரு மாதிரி இருக்கு” என்று மட்டும் சொன்னான். விடை கிடைத்தது சம்பளப் பட்டியலில். கான்ட்ராக்டர் மாதா மாதம் சம்பளம் போட்ட விவரத்தை எங்களுக்கு அனுப்ப வேண்டும், நாங்கள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு பில்லை பாஸ் செய்வோம். அதில் ‘முன்பணம்’ என்று ஒரு பத்தி. டெஸ்ட் ஸ்டேஷனிலும் சீல் பிரஸ் ஸ்டேஷனிலும் நிற்கிற 23 பேருக்கு மட்டும் 350, 400, 350 என்று முன்பணப் பிடித்தம். ஒருத்தனும் முன்பணம் வாங்கவில்லை. ரிஜெக்‌ஷனுக்குப் பிடித்த காசு அது, பட்டியலில் வேறு பெயரில் உட்கார்ந்திருந்தது.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். வயதில் மூத்தவர், இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். அவர் அமைதியாக பையிலிருந்து எங்கள் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, நாலாவது பக்கத்தைத் திருப்பி வைத்தார். ரிஜெக்‌ஷன் அரை சதவீதத்தைத் தாண்டினால் அந்த இழப்பு கான்ட்ராக்டர் பில்லில் கழிக்கப்படும் என்று ஒரு ஷரத்து. எங்கள் பர்ச்சேஸ் ஆட்கள் ஏதோ மாதிரி ஒப்பந்தத்திலிருந்து எடுத்துப் போட்டது, கீழே எங்கள் பிளான்ட் ஹெட் கையெழுத்து. “உங்க கம்பெனி என்கிட்ட பிடிக்குது சார். எனக்கு வர்றது ஏழு பர்சன்ட் சர்வீஸ் சார்ஜ். நான் யார்கிட்ட பிடிப்பேன்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஆக, நடந்தது இதுதான். ஒரே ஸ்டேஷன், ஒரே மெஷின். பெர்மனென்ட் ஆள் சிவப்புக் கூடையில் பம்பைப் போட்டால் அது ரிப்போர்ட்டில் ஒரு எண். சி.எல். போட்டால் அவன் சம்பளத்தில் ஒரு பிடித்தம். சீல் உள்ளே கார்பன் முகமும் பீங்கான் முகமும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும், ஷாஃப்டைக் கையால் லேசாகச் சுற்றிவிட்டுத் திரும்ப டெஸ்ட் போட்டால், ஓரத்தில் இருக்கிற பம்ப் சில சமயம் பச்சைக்கு வந்துவிடும். அந்தக் கைவேலையை அவர்கள் கண்டுபிடித்து, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார்கள். அப்படிப் பச்சைக்கு வந்தவற்றில் மூன்றுதான் எங்களுக்குத் திரும்பி வந்தது.

பெர்மனென்ட் ஒரு ரகம், சி.எல். ஒரு ரகம் என்ற உணர்வைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் சம்பள வித்தியாசத்தில்தான் ஆரம்பிப்பார்கள். அது பெரிய விஷயம், கடைசியில் வருகிறேன். ஆனால் சம்பளம் இவ்வளவுதான் என்று தெரிந்தே அவன் கேட்டுக்குள் வருகிறான். உள்ளே வந்தபிறகு அவன் தெரிந்துகொள்வது, தப்பு நடந்தால் அவனுக்கு ஒரு நியாயம், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு நியாயம் என்பதை. அதற்கு முந்தின வருடம், சீல் சரியாக உட்காரவில்லை என்று ஒரு பீகார் பையன் லைனை நிறுத்தியிருக்கிறான். பதினோரு நிமிடம் லைன் நின்றது. அடுத்த நாள் காலை அவன் கார்டு கேட்டில் வேலை செய்யவில்லை. அந்த ஷிஃப்டில் இருந்த ஒவ்வொருத்தனுக்கும் இது தெரியும், எனக்குத்தான் தெரியாது. லைனுக்கு மேலே ‘சந்தேகம் வந்தால் நிறுத்து’ என்று இரண்டு மொழியில் பலகை வேறு தொங்கிக்கொண்டிருந்தது.

பிடித்தத்தை நிறுத்துவது சட்டப்படி சுலபம். 1936ஆம் வருடத்து சம்பளப் பட்டுவாடா சட்டத்திலேயே, நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதென்றால் அந்த ஆளின் அலட்சியம்தான் காரணம் என்று இருக்க வேண்டும், அவனுக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும் என்று இருந்தது. இங்கே இரண்டும் இல்லை. கான்ட்ராக்டர் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தால் மீதியைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை நிறுவனமான எங்களுடையது என்று அப்போது அமலில் இருந்த 1970ஆம் வருடத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இந்த இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதி பிளான்ட் ஹெட் மேசையில் வைத்ததும், ஷரத்தை எடுக்க ஒரு வாரம் கூட ஆகவில்லை. 23 பேருக்கும் பிடித்த காசு அடுத்த மாதச் சம்பளத்தில் திரும்பப் போனது.

கஷ்டமானது அதற்கு அப்புறம் நடந்தது. முதல் இரண்டு வாரம் ஒன்றுமே மாறவில்லை, இரவு டெஸ்ட் எண்ணிக்கை அதே நானூற்றுச் சொச்சம்தான். யாரும் நம்பவில்லை. காசு திரும்பி வந்த சம்பளச் சீட்டு கைக்குப் போனபிறகு ஒரு இரவு சிவப்புக் கூடையில் 19 பம்ப். அதுவரை ஒரு இரவுக்கு நாலு, ஐந்து இருக்கும். காலையில் எனக்கு போன் மேல் போன், “என்ன சார், சலுகை குடுத்ததும் தலைமேல ஏறிட்டாங்களா?” என்று கேட்டவர்களும் உண்டு. சொல்லப்போனால் அந்த 19தான் எங்கள் உண்மையான எண், இத்தனை நாள் அது ஷாஃப்டைச் சுற்றிச் சுற்றி மறைந்திருந்தது. அதை வைத்துப் பின்னால் போய்ப் பார்த்தால், சீலை அழுத்தி உட்கார வைக்கிற பிரஸ் டூல் 0.3 மில்லிமீட்டர் தேய்ந்து போயிருந்தது. சீல் கொஞ்சம் மேலேயே நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குக்கு வேண்டிய அழுத்தம் கிடைப்பதில்லை. டூலை மாற்றினோம். ஜூன் வாக்கில் இரவு ஷிஃப்ட் டெஸ்ட் எண்ணிக்கை 370ஐ ஒட்டி வந்து நின்றது.

உங்கள் இடத்திலும் இப்படி ஒரு எண் நிச்சயம் இருக்கும். யார் செய்தார்கள் என்று பிரித்துப் பார்க்காமல் கூட்டிப் போட்டு ரிப்போர்ட் எழுதுகிற எண். முதலுதவிப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். 140 சி.எல்., 64 பெர்மனென்ட் இருக்கிற இடத்தில் சின்னக் காயம் பதிவானதெல்லாம் பெர்மனென்ட் பெயரிலேயே இருந்தால், சி.எல். ஆட்களுக்குக் கை வெட்டுப்படுவதில்லை என்று அர்த்தமில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது கேன்டீன்.

எங்கள் கேன்டீனில் பெர்மனென்டுக்கு மஞ்சள் டோக்கன், சாப்பாடு 12.30க்கு. சி.எல்.லுக்கு வெள்ளை டோக்கன், 1.15க்கு. இடம் போதாது என்று எப்போதோ ஆரம்பித்த ஏற்பாடு. 1.15க்குப் போனால் பொரியல் இருக்காது, ரசம் அடியில் கிடக்கும், அப்பளம் ஞாபகம்தான். ஆயுத பூஜைக்கு பெர்மனென்டுக்கு அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ், சி.எல்.லுக்கு பொரி, கடலை, ஒரு வாழைப்பழம் போட்ட பாக்கெட். இதை மாற்றலாம் என்று நான் சொன்னபோது எதிர்ப்பு வந்தது கஞ்சத்தனத்தால் இல்லை, வக்கீல் பயத்தால். எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினால் நாளைக்கு லேபர் கோர்ட்டில் ‘நாங்கள் இந்தக் கம்பெனி ஆட்கள்தான், கான்ட்ராக்ட் என்பது கண்துடைப்பு’ என்று வழக்குப் போட்டுவிடுவார்கள் என்பது பயம்.

இந்தப் பயம் முழுக்கக் கற்பனை இல்லை. ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார், ஆனால் ஒப்பந்தமே வெறும் போலி என்று நிரூபித்தால் அவர் நேரடித் தொழிலாளியாகவே கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் சொல்லிவிட்டது. போலியா இல்லையா என்று பார்க்க, சம்பளம் கொடுப்பது யார், வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் யார், வேலையின் மேல் கட்டுப்பாடு யாருடையது என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட்டுக்கும் இதே மாதிரி சிக்கல் வந்தது. வருடக்கணக்கில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்த தற்காலிக ஆட்கள் வழக்குப் போட்டு, 2000இல் 9.7 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. அங்கே தற்காலிக ஆளுக்கு ஆரஞ்சு நிற பேட்ஜ், நிரந்தர ஆளுக்கு நீலம். நிறம் பார்த்துப் பிரிக்கிற புத்தி எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

ஆனால் எங்கள் வக்கீலிடமே நேரில் போய், ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பத்தியாகக் கேட்டேன். எதை மாற்றினால் வழக்கில் நமக்கு எதிராகப் போகும், எதை மாற்றினால் போகாது? அவர் சொன்னது எனக்கே ஆச்சரியம். வேலைக்கு எடுப்பது, லீவு கொடுப்பது, வருகைப் பதிவு, சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை, இவையெல்லாம் கான்ட்ராக்டர் கையில் உண்மையாகவே இருக்க வேண்டும், அடையாள அட்டையில் அவர் பெயர் இருக்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, ஓய்வறை, முதலுதவி, இதெல்லாம் கான்ட்ராக்டர் செய்யாவிட்டால் நீங்கள் செய்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, சட்டம் சொன்னதைச் செய்ததற்காக எந்தக் கோர்ட்டும் உங்கள் மேல் பாயாது என்றார். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இது இன்னும் நேரடியாகவே, இந்த வசதிகளை முதன்மை நிறுவனம்தான் கொடுக்க வேண்டும் என்று வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் செய்துகொண்டிருந்தது சரியாகத் தலைகீழ். சோறு போடுவதில் ஜாக்கிரதையாகப் பிரித்து வைத்துவிட்டு, லீவு கேட்டு வருகிற சி.எல். பையனுக்கு எங்கள் லைன் லீடரே “போயிட்டு வா” என்று சொல்லிக்கொண்டிருந்தார், கேட்டில் கார்டை நிறுத்தச் சொன்னதும் எங்கள் ஆள்தான். பீகார் பையன் விஷயத்தில் கான்ட்ராக்டருக்குத் தகவலே மறுநாள்தான் போனது. வழக்கில் நம்மைக் கவிழ்ப்பது அதுதான், அப்பளம் இல்லை.

டோக்கன் நிறத்தை எடுத்தோம். ஆள் ரகம் பார்த்து நேரம் ஒதுக்காமல் லைன் வாரியாக ஒதுக்கினோம், பம்ப் லைன் மொத்தமும் 12.30, மெஷின் ஷாப் மொத்தமும் 1.15, மாதம் மாறினால் நேரமும் மாறும். பெர்மனென்ட் ஆட்களும் 1.15 சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்த முதல் வாரமே கேன்டீன்காரருக்குத் திட்டு விழுந்து, பொரியல் அளவு கூடிவிட்டது. வருடக்கணக்கில் சி.எல். சொல்லி நடக்காதது.

சட்டையில் தோற்றேன். பெர்மனென்டுக்குச் சாம்பல் நிறச் சட்டை, சி.எல்.லுக்கு நீலம், முதுகில் கான்ட்ராக்டர் பெயர். எல்லாருக்கும் சாம்பல் என்று அவசரமாக முடிவெடுத்து, யூனியனிடம் கேட்காமல் துணிக்கு ஆர்டர் வரை போய்விட்டேன். யூனியன் செயலாளர் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், சி.எல். ஆட்களுக்கு ரத்தம் வேண்டும் என்றால் முதலில் போய் நிற்பவர். “சட்டையில என்ன சார் இருக்கு. ஒரே சட்டை போட்டு, நாளைக்கு நாங்க ஸ்ட்ரைக்னு வெளிய உக்காந்தா எங்க மெஷின்ல அவன நிறுத்த மாட்டோம்னு எழுதிக் குடுப்பீங்களா?” என்றார். சம்பள ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருந்த நேரம் அது. பெர்மனென்ட் ஆளின் முறைப்புக்குப் பின்னால் பெரும்பாலும் திமிர் இல்லை, இந்தக் கேள்வி இருக்கிறது. அவர் இடத்தை அடைத்துக்கொள்ளத் தயாராக ஒருத்தனை அவர் கையாலேயே பழக்கச் சொல்கிறோம். அப்புறம் ஏன் பழக்குவதில் சுணக்கம், ஏன் கனமான காஸ்டிங் பெட்டியை எப்போதும் சி.எல். தலையில் கட்டுகிறார் என்று கேட்கிறோம். அவர் கேட்டதை எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, அதை அவரிடமே சொன்னேன். சட்டை நிறம் அப்படியே இருந்தது. ஆனால் நீலச் சட்டையின் நெஞ்சில் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் வந்தது, ஒடிசா பையன்களுக்குத் தமிழிலும் ஒடியாவிலும். “ஏய், சி.எல்.” என்று கூப்பிடுவது அதனால் நின்றுவிடவில்லை, குறைந்தது.

இனி நான் மிகவும் வெட்கப்படுகிற விஷயம், ‘பிரேக்’. தமிழ்நாட்டில் 1981ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்று. தொழிலாளிக்காக வந்த சட்டம். அது நடைமுறையில் என்ன செய்ததென்றால், கான்ட்ராக்டர்களும் கம்பெனிகளும் 480க்கு முன்னாலேயே ஆளை நிறுத்தி, கொஞ்ச நாள் கழித்து வேறு கான்ட்ராக்டர் பெயரில் திரும்ப எடுக்கிற பழக்கத்தை ஊர் முழுக்கக் கொண்டுவந்தது. செய்யாறு பையன் மூன்று வருடம் என்று சொன்னேன் இல்லையா, காகிதத்தில் அவன் மூன்று தனித்தனி ஆள். அந்த பிரேக்கை ஒழிக்க என்னால் முடியவில்லை, முடிந்தது என்று எழுதினால் பொய். அது எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை மட்டும் மாற்ற முடிந்தது. அதுவரை கடைசி நாள் ஷிஃப்ட் முடியும்போது, சில சமயம் அடுத்த நாள் கேட்டில் கார்டு திறக்காதபோதுதான் தெரியும். வாடகை அறைக்கு மாதத் தொடக்கத்தில் பணம் கட்டிவிட்டு வந்து நிற்பான். 30 நாளைக்கு முன்னாலேயே கான்ட்ராக்டர் கையெழுத்தோடு கடிதம், பி.எஃப். கணக்கில் எல்லா மாதமும் காசு ஏறியிருக்கிறதா என்று அவனை வைத்துக்கொண்டே போனில் பார்த்துக் கொடுப்பது, எந்தெந்த ஸ்டேஷனில் எத்தனை மாதம் நின்றான் என்று எழுதிய அனுபவச் சான்று, இவ்வளவுதான் செய்தோம். பக்கத்துக் கம்பெனியில் அந்தச் சான்றைக் காட்டி லீக் டெஸ்ட் வேலைக்கே போனவர்கள் உண்டு.

கூடவே ஒரு வாக்கியத்தை லைன் லீடர்கள் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. “நல்லா பண்ணுடா தம்பி, பெர்மனென்டுக்குப் பார்க்கலாம்.” நல்லெண்ணத்தில் சொல்வதுதான், நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். முந்தைய நாலு வருடக் கணக்கை எடுத்தேன், சி.எல்.லிலிருந்து பெர்மனென்ட் டிரெய்னியாக எடுக்கப்பட்டவர்கள் 6 பேர். அந்த ஆறு என்ற எண்ணை வேலைக்குச் சேரும் நாளிலேயே, முதல் நாள் பாதுகாப்பு வகுப்பிலேயே சொல்வது என்று ஆனது. ஆள் நிற்க மாட்டான் என்று கான்ட்ராக்டர் தலையில் அடித்துக்கொண்டார். முதல் மாதத்தில் சிலர் போனார்கள், உண்மைதான். இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு வர முடியாது என்றால் வர முடியாது என்று சொல்லத் தொடங்கினார்கள், அதுவரை அந்த ‘பார்க்கலாம்’தான் அவர்களை எல்லா ஞாயிறும் வரவைத்திருந்தது. வந்தவர்களுக்கு இரட்டைச் சம்பளம் சரியாகப் போகிறதா என்று பார்க்கும் வேலை எனக்குக் கூடுதலாகச் சேர்ந்தது.

சம்பளத்துக்கு வருகிறேன். அந்த ஆகஸ்டில், காசு திரும்ப வந்த தைரியமோ என்னவோ, செய்யாறு பையன் என் அறைக்கு வந்து நேராகவே கேட்டான். “சார், அண்ணன் பகல்ல நிக்கிற அதே ஸ்டேஷன்தான், நான் நைட்ல நிக்கிறேன். அவருக்கு முப்பத்தாறாயிரம், எனக்குப் பதிமூணரை. தப்பா எடுத்துக்காதீங்க, ஏன்னு மட்டும் சொல்லுங்க.” அனுபவம், சீனியாரிட்டி, யூனியன் ஒப்பந்தம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதிக்கு அது நியாயமான பதிலும்கூட. அந்த அண்ணனுக்கு 14 வருட சர்வீஸ். ஆனால் நான் அதற்கு முன்னால் அவன் கோப்பைத் திறந்து பார்த்தேன். கான்ட்ராக்டர் பதிவேட்டில் அவன் பதவி ‘ஹெல்பர்’.

இது தற்செயல் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் மத்திய விதிகளில் 25ஆம் விதி, முதன்மை நிறுவனம் நேரடியாக வைத்திருக்கிற ஆளும் கான்ட்ராக்ட் ஆளும் ஒரே மாதிரியான வேலை செய்தால் ஒரே சம்பளம் என்றது. அந்தக் கேள்வி எங்கே எழுந்தாலும் முதலில் பார்ப்பது பதவிப் பெயரைத்தான். ஹெல்பர் என்று எழுதிவிட்டால், அவன் ஆபரேட்டர் வேலையைச் செய்யவே இல்லை. அந்த ஸ்டேஷனின் ஸ்கில் மேட்ரிக்ஸ் எங்கள் சுவரிலேயே தொங்குகிறது, அதில் அவன் பெயருக்கு நேராக நாலு கட்டமும் நிரம்பியிருக்கிறது, அதாவது மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கிற அளவுக்குத் தேர்ந்தவன் என்று நாங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வந்தால் அந்தச் சுவரைக் காட்டுவோம், லேபர் இன்ஸ்பெக்டர் வந்தால் பதிவேட்டைக் காட்டுவோம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலைதான் மறுபடியும், டெஸ்ட் எண்ணும் பாஸ் எண்ணும் மாதிரி. 140 பேரில் 31 பேர் சுவரில் தேர்ந்த ஆபரேட்டர், காகிதத்தில் ஹெல்பர். நிர்வாகத்தோடு மூன்று மாதம் இழுபறி. கடைசியில் அந்த 31 பேரின் பதவியும் ஆபரேட்டர் என்று மாறி, அதற்கான பிரிவில் மாதம் 1,800 ரூபாய் கூடியது. முப்பத்தாறாயிரத்துக்கும் பதினைந்தாயிரத்து முந்நூறுக்கும் நடுவில் இருப்பது அப்படியே இருந்தது. அவன் கேட்ட ‘ஏன்’ என்ற கேள்விக்கு என்னால் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது, மீதிப் பாதிக்கு எங்கள் கம்பெனியில் யாரிடமும் பதில் இல்லை என்பதையும் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போனான்.

அடுத்த வருடம் நான் அந்த வேலையை விட்டு வந்துவிட்டேன். அவன் இன்னும் பொங்கலுக்கு போன் செய்வான். போன தடவை பேசும்போது பெண் பார்க்கப் போன கதையைச் சொன்னான். பெண்ணின் அப்பா என்ன வேலை என்று கேட்டிருக்கிறார், கார் கம்பெனிக்குப் பம்ப் செய்கிற இடத்தில் ஆபரேட்டர் என்று சொல்லி சம்பளச் சீட்டையும் காட்டியிருக்கிறான். அதில் ஆபரேட்டர் என்றுதானே இருக்கிறது.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் என்ன சார். பெர்மனென்டான்னு கேட்டாரு.”